நேரம் மாறட்டும், காரணம் வெளியே போக வேண்டாம்

குடும்ப வன்முறை பற்றிப் பேச, கணவருக்குத் தெரியாமல் மனநல ஆலோசகரிடம் போய்வருகிறார் ஒரு பெண். இந்த வியாழக்கிழமை போக முடியவில்லை. வரவேற்பாளரிடம் அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “வியாழன் 4 மணிக்கு வர இயலாது, சனிக்கிழமை காலை கிடைக்குமா?” காரணம் சொல்லத் தேவையில்லை.

சிக்கல் பெரும்பாலும் பதிலில்தான் வரும். மையத்தின் பெயரோடு வரும் குறுஞ்செய்தி, பூட்டிய போன் திரையிலும் தெரியலாம். திரும்ப அழைக்கும்போது கணவரே போனை எடுக்கலாம். அதனால் எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் அழைப்பது, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதை முதல் சந்திப்பிலேயே ஆலோசகருடன் பேசி வைப்பது நல்லது.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நேரத்தை மாற்றுவது அவற்றில் சேராது. வரவேற்பாளரின் நோட்டில் பெயரும் புதிய நேரமும் இருந்தால் போதும்.