கலப்புமொழிக் குறிப்பைத் தலைப்பிட்டுத் தட்டச்சு செய்தல்

தோட்டத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளின் விரிவுரை ஏட்டைப் புரட்டினால், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வரிகள் ஓடுவதைக் காண்கிறோம். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் பேசுகிறார். பிள்ளை தனக்கு எது விரைவாக வருகிறதோ அதில் எழுதிக்கொள்கிறது. அது குற்றமன்று. ஆனால் அந்த ஏட்டை வரிக்கு வரி அப்படியே கணினியில் தட்டினால், கையெழுத்துதான் அச்செழுத்தாகிறது. குழப்பம் குழப்பமாகவே இருந்துவிடுகிறது. அதைச் சீரான குறிப்பாக மாற்றுவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

நாம் அறிந்த ரப்பர் பாலையே எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றிய விரிவுரையில் ஒரு மாணவி ஐந்து வரிகள் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. லேடெக்ஸ்: துகள் மேல நெகட்டிவ் சார்ஜ்.
2. பாக்டீரியா வந்தா ஆசிட், தானா கட்டும்.
3. அ. போட்டா கட்டாது.
4. ஷீட்டுக்கு அ., முதல்ல டைல்யூட்!
5. சார்ஜ் போனா துகள் ஒட்டும்.

கணினியைத் தொடுமுன் பென்சிலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். முதல் வரியும் ஐந்தாம் வரியும் ஒரே கேள்விக்குரியவை: பால் ஏன் நீராக இருக்கிறது, ஏன் உறைகிறது? விரிவுரையாளர் இறுதியில் சொன்னதால் அது ஏட்டில் கடைசிக்குப் போய்விட்டது. தட்டச்சில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும்.

அடுத்தது, சுருக்கெழுத்து. மூன்றாம் வரியிலும் நான்காம் வரியிலும் ‘அ.’ என்றே இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பாலை உறையாமல் காப்பது அம்மோனியா. ஷீட்டுக்காக உறைய வைப்பது அமிலம். இரண்டையும் ஒரே சொல்லாக விரித்துத் தட்டிவிட்டால், தேர்வில் தலைகீழான விடை எழுத நேரும். எனவே சுருக்கத்தை விரிக்குமுன் அந்த வரியின் மற்றச் சொற்களைப் பார்க்க வேண்டும். ‘கட்டாது’ என்பது அம்மோனியாவைக் காட்டிக்கொடுக்கிறது. ‘ஷீட்’ என்பது அமிலத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

‘டைல்யூட்’ என்பது அப்படியல்ல. தண்ணீர் கலப்பது பாலிலா, அமிலத்திலா? ஷீட் செய்யும்போது இரண்டிலும் கலப்பதுண்டு. ஏட்டில் விடை இல்லை. இங்கே ஊகித்து எழுதக் கூடாது. அவ்விடத்தில் [?] என்று தட்டி வைத்து, விரிவுரையாளரிடமோ உடன் படிப்பவரிடமோ கேட்டு நிரப்ப வேண்டும். அச்செழுத்தில் வந்துவிட்ட ஊகம், அடுத்த மாதம் படிக்கும்போது உண்மை போலவே தோன்றும்.

இனி, சொல். லேடெக்ஸ், பால், மரப்பால் என்று மூன்று பெயர் வேண்டாம். ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுத வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் என்றால், அந்த ஆங்கிலச் சொல்லை முதன்முறை வருமிடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒருமுறை சேர்த்தால் போதும்.

இப்போது தட்டச்சுக்கு வருவோம். விண்டோஸ் கணினியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி மொழி மாற்றலாம். முதலில் தமிழ் வரிகள் முழுவதையும் தட்டி, ஆங்கிலச் சொல்லுக்கு இடம் விட்டுப் பின்பு மொத்தமாக நிரப்பினால் அடிக்கடி மாற்றும் தொல்லை குறையும்.

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. வேர்டு மென்பொருளில் Heading 1, Heading 2 என்ற பாணிகள் உண்டு. ‘ரப்பர் பால் உறைதல்’ என்பதற்கு Heading 1 கொடுப்போம். அதன் கீழ் ‘பால் உறைவது ஏன்?’, ‘தானாக உறைதல்’, ‘உறையாமல் காத்தல்’, ‘ஷீட்டுக்காக உறைய வைத்தல்’ என்ற நான்கிற்கும் Heading 2 கொடுப்போம். பிறகு View பகுதியில் Navigation Pane என்பதைத் திறந்தால் தலைப்புகள் ஓரத்தில் வரிசையாகத் தோன்றும். அவற்றை மட்டும் படித்தாலே பாடத்தின் போக்கு விளங்க வேண்டும். விளங்காவிட்டால் வரிசை இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

ஒரு சோதனை மீதி இருக்கிறது. தட்டிய தமிழ் வரிக்கு வேறோர் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறினால் அது பழைய எழுத்துரு. தோழியின் கணினியில் அது படிக்க வராது. நிறையத் தட்டுமுன் முதல் வரியிலேயே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்தாலும் கையேட்டை எறிந்துவிட வேண்டாம். [?] என்ற குறி ஒன்றுகூட மீதமில்லை என்று ஆகும்வரை, அந்த ஏடுதான் மூலம்.