உஷார்! விசிலை மூன்றால் பெருக்காதீர்கள்

விசில் அடிக்காத மல்டி குக்கர் வீட்டுக்கு வந்ததுமே யாராவது ஒருவர் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்: "ஒரு விசிலுக்கு மூணு நிமிஷம்னு வெச்சுக்கோ." பாசிப்பருப்பு என்றால் பரவாயில்லை, கொஞ்சம் கூடக் குழையும், அவ்வளவுதான். ராஜ்மாவில் இந்தக் கணக்கை நம்பி, ஆரம்பத்தையும் தப்பாக எண்ணினால் சாப்பிட்டவர்கள் வாந்தியெடுத்து விழ நேரும்.

விசில் நேரத்தைக் காட்டுவதில்லை. உள்ளே அழுத்தம் அளவை மீறியது, வெயிட் தூக்கி ஆவியை வெளியேற்றியது என்பதை மட்டுமே சொல்கிறது. தீயைக் கூட்டினால் அடுத்தடுத்து அலறும். சிம்மில் வைத்தால் பத்து நிமிடம் வாயே திறக்காது. ஆகவே ஒரு குறிப்பில் '5 விசில்' என்று இருந்தால், முதலில் கேட்க வேண்டியது எந்தத் தீயில் என்பதுதான்.

ஊறவைத்த ராஜ்மா, மிதமான தீ, 5 விசில் என்று வைத்துக்கொள்வோம். முதல் விசில் வரவே பத்து நிமிடம் ஆகலாம். மற்ற நாலும் இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் வரும். அடுப்பை அணைத்த பிறகு, "பிரஷர் அடங்கட்டும்" என்று விடும் கால் மணி நேரமும் உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும். குறிப்பு எழுதியவர் இதைக் கணக்கில் சொல்லவே மாட்டார். போதாததற்கு, வெயிட் போட்ட குக்கரின் உள்ளே சுமார் 120 டிகிரி சூடு இருக்கும். பெரும்பாலான மல்டி குக்கர்களில் 115 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இத்தனையையும் விட்டுவிட்டு 15 நிமிடம் வைத்து, உடனே வால்வைத் திறந்து ஆவியை வெளியேற்றினால், தோல் வெந்து உள்ளே மாவு கடுக்கென்று நிற்கும்.

அதனால் விசிலை மறந்துவிட்டு பொருளைப் பாருங்கள். ஹை பிரஷரில் துவரம்பருப்புக்கு 8 முதல் 10 நிமிடம், சுண்டலுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலை சுமார் 15 நிமிடம், குழம்பாகக் குழைய வேண்டிய ராஜ்மாவுக்கு 25 முதல் 30 நிமிடம். மூன்றுக்குமே அதன்பின் குறைந்தது பத்து நிமிடம் தானாக அடங்க விடுங்கள். பழைய பருப்பு, உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

அடுத்த ஆபத்து, நிமிடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில். மூடியிலுள்ள சிறு பின் மேலே எழும்பிய பிறகுதான் முதல் நிமிடம். மல்டி குக்கர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்: பொத்தானை அழுத்தியதும் 'On' என்று காட்டி, அழுத்தம் ஏறிய பிறகே நிமிடத்தைக் குறைக்கத் தொடங்கும். அடுப்பில் வைக்கும் ஸ்பிரிங் வால்வு குக்கரில் அந்த வேலை உங்களுடையது. பின் முழுவதும் எழுந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து எண்ணுங்கள். பற்றவைத்த நொடியிலிருந்து எண்ணினால், பாதி நேரம் வெறும் தண்ணீர் சூடாவதிலேயே போயிருக்கும். மல்டி குக்கரில் வால்வு 'Venting' பக்கம் இருந்தாலும் இதே கதிதான்: ஆவி சீறிக்கொண்டே இருக்கும், பின் எழாது, தண்ணீர் வற்றி அடிபிடிக்கும்.

இங்கேதான் ராஜ்மா பயமுறுத்துகிறது. சிவப்பு ராஜ்மாவில் இயல்பாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. சரியாக வேகாத நாலைந்து பருப்பு வயிற்றுக்குள் போனாலே, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் அதைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரலாம். அது கொதிநிலையில் அழியும். கொதிக்காத இளஞ்சூட்டில் கிடந்தால் அதன் வீரியம் ஏறக்கூடும். "விசில்தான் கிடையாதே, நாலு மணி நேரம் மெதுவாக வேகட்டும்" என்று 'Slow Cook' பொத்தானை அழுத்துவது அதனால்தான் ஆபத்து. அந்த முறையில் சூடு கொதிநிலைக்கு வராமலே போகலாம். ராஜ்மாவை இரவே ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் பிரஷரில் மட்டும் வேகவையுங்கள்.

வெந்ததா என்று பார்க்க ஐந்தாறு பருப்பை எடுத்து நசுக்குங்கள். ஒன்றே ஒன்று பார்த்தால் போதாது. ஒரே பாத்திரத்தில் ஒன்று வெந்தும் ஒன்று வேகாமலும் இருக்கும். ஒன்று நறுக்கென்றாலும் தண்ணீர் சேர்த்து மூடி, இன்னும் பத்து நிமிடம் பிரஷரில் வையுங்கள். பின் கீழே இறங்காமல் மூடியை மட்டும் நெம்பாதீர்கள். பருப்பு வகைகள் நுரைக்கும் என்பதால் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. அப்படி நிரப்பினால், வால்வைத் திறந்ததும் கொதிக்கும் கஞ்சி முகத்தில் பீய்ச்சியடிக்கும்.