ஜனவரி 26: வாழ்த்துரையில் ஒரே ஒரு கேள்வி

சென்ற ஆண்டுக்கு முந்தைய குடியரசு நாளன்று, கொடியேற்றம் முடிந்து இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தோம். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், "இன்று ஏன் கொடியேற்றினோம்?" என்று கேட்டேன். "நமக்குச் சுதந்திரம் கிடைத்த நாள் சார்" என்றாள். அருகில் நின்றவர்களும் அதையே சொன்னார்கள்.

தவறு பிள்ளைகளுடையது அல்ல. அன்று தலைமையாசிரியர் இருபது நிமிடம் வாழ்த்துரை வழங்கினார். தியாகிகளின் பெயர்கள், ஒற்றுமை, ஒழுக்கம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அதே உரையை ஆகஸ்ட் 15 அன்றும் அப்படியே வாசித்திருக்கலாம். இதை அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அடுத்த முறை சேர்ந்து எழுதுவோம்" என்றார்.

அடுத்த ஆண்டு உரை ஐந்தே நிமிடம். வாழ்த்துச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்டார்: "1947இல் விடுதலை கிடைத்துவிட்டது. பிறகு எதற்கு இன்னொரு நாள்?" சற்று நிறுத்தி, அவரே விளக்கினார். விடுதலைக்குப் பின்னும் நாட்டின் தலைவர் என்ற இடத்தில் பிரிட்டிஷ் மன்னரே இருந்தார். அவர் சார்பில் தலைமை ஆளுநர் இருந்தார். அப்பதவியை கடைசியாக வகித்தவர் ராஜாஜி. 1950 ஜனவரி 26 அன்று நமது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. மன்னரின் இடம் போய், தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவராக இராஜேந்திர பிரசாத் பொறுப்பேற்றார். "குடி என்றால் மக்கள். குடிகளின் அரசு, குடியரசு" என்று சொல்லைப் பிரித்துக் காட்டினார்.

"ஏன் 26ஆம் தேதி?" என்பதற்கும் இரண்டு வரி சொன்னார். அரசியலமைப்பு 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் முழு விடுதலையே இலக்கு என்று லாகூர் காங்கிரஸ் மாநாட்டில் முடிவான பின், 1930 ஜனவரி 26 விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அந்த நினைவுக்காகவே இரண்டு மாதம் காத்திருந்தார்கள்.

முதல் வரைவில் 'டொமினியன்' என்ற சொல்லை நான்தான் எழுதியிருந்தேன். முந்தைய நாள் எட்டாம் வகுப்பில் வாசித்துப் பார்த்தபோது, பிள்ளைகள் அந்த இடத்தில் விழித்தார்கள். அதை நீக்கி 'மன்னர்' என்று மட்டும் வைத்தோம்.

கூட்டம் கலைந்ததும் பழைய கேள்வியையே கேட்டேன். "ராஜா போய், நாமளே தலைவரைத் தேர்ந்தெடுத்த நாள் சார்" என்றான் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். 'நாமே' என்பதில் ஒரு நுட்பம் விடுபட்டிருந்தது. முதல் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது அரசியல் நிர்ணய சபை. மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. அதை மறுநாள் சமூக அறிவியல் பாடவேளையில் விளக்கினேன். முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆண்டுகள் மனத்தில் நிற்கவில்லை; 'மக்களின் அரசு' என்ற ஒன்று மட்டும் நின்றது. அந்த வயதுக்கு அது போதும்.

உங்கள் பள்ளியில் வாழ்த்துரை எழுதி முடித்ததும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தேதியை மாற்றி ஆகஸ்ட் 15 என்று வாசித்தாலும் அந்த உரை பொருந்துகிறதா? பொருந்தினால், பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதை அது இன்னும் சொல்லவில்லை.