பெயர் இல்லை, ஆனால் ஆள் தெரிகிறது

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளக புகார் குழு ஆண்டுதோறும் ஓர் அறிக்கை எழுதி நிறுவனத்துக்கும் மாவட்ட அலுவலருக்கும் தர வேண்டும். வந்த புகார்கள், முடிந்தவை, 90 நாளைத் தாண்டி நிலுவையில் இருப்பவை, நடத்திய விழிப்புணர்வுக் கூட்டங்கள், எடுத்த நடவடிக்கையின் தன்மை ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள் ஆகியோரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. அந்த அறிக்கையைச் சுருக்கி ஊழியர்களுக்குத் தரும்போதுதான் சிக்கல் வருகிறது.

140 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கத்தில் ஒரு வரி: ‘மார்ச்சில் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் மேலாளர் மீது அளித்த புகார் 112 நாளில் முடிந்தது, ஆகஸ்டில் மேலாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.’ பெயரே இல்லை. ஆனால் ஆகஸ்டில் யார் வேலையை விட்டுப் போனார் என்பது கேன்டீனில் எல்லோருக்கும் தெரியும். கணக்குப் பிரிவில் இரண்டே பெண்கள் என்றால், புகார் கொடுத்தவரையும் கண்டுபிடித்தாயிற்று. பெயரை எடுத்துவிட்டு ‘ஊழியர் அ’ என்று போட்டாலும் இதே கதைதான். மாதம், பிரிவு, பதவி மூன்றும் போக வேண்டும்.

மிஞ்சுவது எண்கள். கடந்த ஆண்டிலிருந்து வந்த நிலுவை 1, இந்த ஆண்டு வந்தவை 3, முடிந்தவை 3, ஆண்டிறுதியில் நிலுவை 1. முதல் எண்ணை விட்டுவிட்டால், வந்த மூன்றும் முடிந்த பிறகு நிலுவை எங்கிருந்து வந்தது என்று வாசிப்பவர் குழம்புவார்.

கால அளவில் கூடுதல் கவனம் வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ‘90 நாளுக்குள் 2, அதற்கு மேல் 1’ என்றால் போதும். சராசரி போடுவது பாதுகாப்பானது போலத் தோன்றும், ஆனால் அப்படியில்லை. இரண்டு வழக்குகளின் சராசரி 75 நாள் என்று எழுதினால், தன் வழக்கு 60 நாளில் முடிந்ததை அறிந்தவர் மற்றது 90 நாள் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்.

முடிவுகளையும் தொகுத்தே எழுத வேண்டும்: ‘குற்றச்சாட்டு நிரூபணமாகி நடவடிக்கை எடுக்கப்பட்டவை 2, நிரூபணமாகாதது 1.’ எச்சரிக்கை 1, பணிநீக்கம் 1 என்று பிரித்தால் மறுபடியும் ஆள் தெரிந்துவிடும். நடவடிக்கையின் தன்மை மாவட்ட அலுவலருக்குப் போகும் அறிக்கையில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே தாளாக நினைப்பதுதான் நான் பார்த்தவரை பெரும் தவறு.

ஆண்டு முழுக்க ஒரே புகார் என்றால் எப்படித் தொகுத்தாலும் முடிவை மறைக்க முடியாது. அப்போது ஊழியர்களுக்கான சுருக்கத்தில் வந்தவை 1, முடிந்தவை 1 என்று மட்டும் சொல்லிவிட்டு, முடிவுகளை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் காட்டலாம்.