"சம்பளம் 1,800 ரியால்": கட்டாருக்குப் போகுமுன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

கட்டாருக்கு வேலைக்குப் புறப்படும் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ஓர் எண்ணைத்தான் சொல்வார். ஒப்பந்தத்திலோ சம்பளம் பல வரிகளாகப் பிரிந்திருக்கும். முகவர் வாயால் சொன்ன எண்ணுக்கும் அந்த வரிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், இரண்டு வருட உழைப்பில் கணிசமான பணமாகிவிடுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்குத் தோஹாவில் கட்டுமான உதவியாளர் வேலை. ஊரிலுள்ள உப முகவர், "மாதம் 1,800 ரியால், சாப்பாடு, தங்குமிடம் இலவசம்" என்கிறார். ஒப்பந்தத்தில் இருப்பது இதுதான்: அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால், தங்குமிடக் கொடுப்பனவு 500, உணவுக் கொடுப்பனவு 300. கூட்டினால் 1,800 வருகிறது. ஆனால் இந்த மூன்று தொகைகளும் கட்டாரின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தில் உள்ளவை. 2021 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள அச்சட்டத்தின்படி, தொழில்தருநர் தகுந்த தங்குமிடத்தையும் உணவையும் தானே வழங்கினால் அந்த 500 ரியாலையும் 300 ரியாலையும் பணமாகக் கொடுக்க வேண்டியதில்லை. கம்பனி முகாமில் தங்கி, கம்பனிச் சாப்பாட்டைச் சாப்பிடும் இந்த இளைஞரின் கைக்கு வரக்கூடியது 1,000 ரியால் மட்டுமே. "1,800 ரியாலும் வேண்டும், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்" என்றால், அடிப்படைச் சம்பள வரியிலேயே 1,800 என்று எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடிப்படைச் சம்பளம் என்ற இந்த ஒரு வரி மேலதிக நேரக் கொடுப்பனவையும் தீர்மானிக்கிறது. கட்டார் தொழில் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம். ரமழான் மாதத்தில் இது நாளுக்கு ஆறு, வாரத்துக்கு 36 ஆகக் குறையும். மேலதிக நேரத்தையும் சேர்த்துப் பொதுவாக நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மேலதிகமான ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அடிப்படைச் சம்பளத்தோடு குறைந்தது 25 வீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படை 1,000 ரியால் என்றால், அதை 30 நாளாலும் எட்டு மணித்தியாலத்தாலும் வகுக்க, ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 4.17 ரியால். 25 வீதத்தைச் சேர்த்தால் 5.21. நாளுக்கு இரண்டு மணித்தியாலமாக 26 நாட்கள் மேலதிக வேலை செய்தால் மாதம் 271 ரியால் அளவில் கிடைக்கும். அடிப்படை 1,800 ஆக இருந்திருந்தால் அதே உழைப்புக்கு 487 ரியால். ஒரு வருடம் முடித்தவருக்குக் கிடைக்கும் சேவைமுடிவுக் கொடுப்பனவும் இப்படித்தான். வருடத்துக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில், இரண்டு வருடத்துக்கு 1,000 ரியால் அடிப்படையில் 1,400 ரியால் வரும். 1,800 அடிப்படையில் 2,520 ரியால்.

வேலை நேரம் பற்றி இன்னொரு விடயமும் உண்டு. தங்குமிடத்திலிருந்து வேலைத்தளத்துக்குப் போய்வரும் நேரத்தைச் சட்டம் வேலை நேரமாகக் கணக்கிடுவதில்லை. சாப்பாட்டுக்கும் தொழுகைக்குமான இடைவேளையும் அப்படித்தான். முகாம் நகருக்கு வெளியே தொலைவில் இருந்தால், பஸ்ஸில் போகவர மூன்று மணித்தியாலம் செலவாகலாம். பத்து மணித்தியால வேலையோடு அதையும் சேர்த்தால் விடியுமுன் எழுந்து இருட்டிய பின் திரும்பும் நாள் அது. அதனால் தங்குமிடம் எங்கே, போக்குவரத்து யாருடைய செலவில் என்பதை முகவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அங்கே ஏற்கனவே வேலை செய்யும் ஒருவரின் தொலைபேசி இலக்கம் கிடைத்தால் அவரிடம் விசாரிப்பது இன்னும் நல்லது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. மின்சாரத்துக்கோ தண்ணீருக்கோ சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது நாடு திரும்புதல். வேலை முடியும்போது தொழிலாளியை அழைத்துவந்த இடத்துக்கே தனது செலவில் திருப்பி அனுப்புவது தொழில்தருநரின் பொறுப்பு என்று கட்டார் சட்டம் சொல்கிறது. தொழிலாளி இடையில் வேறு கம்பனிக்கு மாறியிருந்தால் அந்தப் பொறுப்பு புதிய கம்பனிக்குப் போகும். தொழிலாளி இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் தொழில்தருநருடையதே. குடும்பத்தினர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரியாததால் ஊரில் பணம் சேர்க்க ஓட வேண்டிய நிலை வரக் கூடாது.

சிக்கல் வருவது இடைநடுவில் திரும்ப நினைப்பவருக்கு. பரீட்சார்த்த காலம் ஆறு மாதம் வரை இருக்கலாம். அதற்குள் தானாக விலகினால் விமானச்சீட்டு யாருடைய செலவு, எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பவை ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். "விலகினால் ஆட்சேர்ப்புச் செலவைத் திருப்பிச் செலுத்த வேண்டும்" என்ற வாசகம் இருந்தால் கையெழுத்திடுமுன் கேள்வி எழுப்புங்கள். ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் அறவிடுவதைக் கட்டார் சட்டம் தடைசெய்கிறது. கடவுச்சீட்டைக் கம்பனி பிடித்துவைப்பதும் சட்டவிரோதம்.

இவற்றையெல்லாம் சரிபார்க்க ஒரு நல்ல சந்தர்ப்பம் இலங்கையிலேயே இருக்கிறது. கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்தில் மருத்துவப் பரிசோதனையும் கைரேகைப் பதிவும் நடக்கும்போதே வேலை ஒப்பந்தமும் கணினியில் காட்டப்பட்டுக் கையெழுத்து வாங்கப்படுகிறது. பலர் முகவரின் ஆள் அவசரப்படுத்துவதால் வாசிக்காமலே கையெழுத்திட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் காட்டும்படி கேளுங்கள். தொழில் பெயர், அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள் ஆகிய மூன்றையும் முகவர் தந்த கடிதத்தோடு ஒப்பிடுங்கள். எண்கள் வேறுபட்டால் அங்கே கையெழுத்திடாமல் திரும்பி வரலாம். விமானம் ஏறிய பிறகு அதே மறுப்புக்கு விலை அதிகம், ஏனெனில் அப்போது கடனும் ஏறியிருக்கும்.

அங்கே போய்ச் சேர்ந்த பின் குறைந்த சம்பளத்துடன் வேறொரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதும் நடக்கிறது. பிணக்கு வந்தால் அரபு மொழிப் பிரதியே செல்லும் என்பதால், வாசிக்க முடியாத தாளில் கையெழுத்திடக் கூடாது. முதல் ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று உங்கள் தொலைபேசியிலும் இன்னொன்று வீட்டாரிடமும் இருக்கட்டும். சம்பளம் வங்கி வழியாகவே வர வேண்டும் என்பதால், வங்கிப் பதிவே குறைவாகக் கொடுத்ததற்கான சாட்சியாகும். மேலதிக நேரத்தை மட்டும் நாளாந்தம் நீங்களே ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும்.

வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்கு மேற்சொன்ன வேலை நேரம் பொருந்தாது. அவர்களுக்குக் கட்டாரில் 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உள்ளது. அதன்படி நாளுக்கு அதிகபட்சம் பத்து மணித்தியாலமும், வாரத்தில் ஒரு நாள் சம்பளத்துடன் ஓய்வும் உண்டு.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்யாமல் புறப்பட்டால், பதிவோடு வரும் காப்புறுதியும் பணியகத்தில் முறையிடும் வழியும் கைநழுவிப் போகும். முகவரின் உரிமம் செல்லுபடியாகிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம். பணியகத்தின் துரித தொலைபேசி இலக்கம் 1989.