பேசாத வீடியோவுக்கும் ஸ்கிரிப்ட்

‘ஸ்டடி வித் மீ’ வீடியோவில் ஒருவர் மேசையில் அமர்ந்து படிக்கிறார், அவ்வளவுதான். அதற்கும் ஸ்கிரிப்ட் உண்டு. அது வசனத்தாள் அல்ல, நேர அட்டவணை.

50 நிமிடப் படிப்பு, 10 நிமிட இடைவேளை, மறுபடி 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடத்தில் விளக்கு எரிகிறது, மழைச் சத்தம் மெல்ல ஏறுகிறது. பேச்சு ஒரே வரி: “வணக்கம், இன்று இரண்டு சுற்று. தொடங்கலாம்.” பிறகு திரையின் மூலையில் ‘படிப்பு 1/2 – 50:00’. இடைவேளையிலும் குரல் இல்லை. ‘தண்ணீர் குடிக்கலாம்’ என்ற எழுத்தே போதும்.

பலர் சறுக்குவது டைமர் எழுத்தில். சில எழுத்துருக்களில் 1 ஒல்லி, 8 அகலம். அதனால் நொடிக்கு நொடி எண்கள் இடம் வலமாக ஆடும். படிப்பவரின் கண் அங்கேயே ஓடும். எல்லா இலக்கமும் ஒரே அகலமுள்ள எழுத்துருவைத் தேர்ந்தால் ஆட்டம் நிற்கும்.

மணியோசையும் அப்படித்தான். ஹெட்போனில் கேட்டுப் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும்; திடுக்கிட வைத்தால் வீடியோவை மூடிவிடுவார்கள்.

முடிவில் டைமர் 00:00 ஆனதும் வெட்டக் கூடாது. புத்தகத்தை மூடவும் மழைச் சத்தம் தேயவும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். மொத்தம் 112 நிமிடம்.