உங்களுக்குத் தெரியுமா? அமீன்களில் எது வலிய காரம்?

● நீரில் மெத்தில் அமீனின் pKb மதிப்பு 3.38, அனிலீனின் மதிப்பு 9.38. இந்த எண் குறையக் குறையக் காரத்தன்மை கூடும். ஓர் அலகு குறைந்தால் வலிமை பத்து மடங்காகும். இங்கே வித்தியாசம் 6 அலகு. அதாவது, மெத்தில் அமீன் அனிலீனைவிடப் பத்து லட்சம் மடங்கு வலிய காரம்!

● அமீன் காரமாக நடந்துகொள்வது நைட்ரஜனிடம் உள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டையால்தான். அதைக் கொடுத்துப் புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது. மெத்தில் தொகுதி நைட்ரஜனை நோக்கி எலக்ட்ரானைத் தள்ளும். ஆகவே மெத்தில் கூடக் கூடக் காரத்தன்மையும் கூட வேண்டும். வாயு நிலையில் அப்படியேதான் நடக்கிறது: அம்மோனியா, மெத்தில் அமீன், டைமெத்தில் அமீன், டிரைமெத்தில் அமீன் என்று வலிமை ஏறிக்கொண்டே போகும்.

● நீரில் இந்த வரிசை குலைந்துவிடுகிறது! டைமெத்தில் அமீன் (3.27) முதலிடம், மெத்தில் அமீன் (3.38) இரண்டாமிடம். மூன்று மெத்தில் கொண்ட டிரைமெத்தில் அமீன் (4.22) மூன்றாமிடத்துக்கு இறங்கிவிடும், அம்மோனியா (4.75) கடைசி. புரோட்டானை ஏற்ற அயனியை நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்கி நிலைப்படுத்துகின்றன. அதற்கு நைட்ரஜன்மேல் ஹைட்ரஜன் வேண்டும். மெத்தில் அமீனின் அயனியில் அவை 3, டைமெத்திலில் 2, டிரைமெத்திலில் 1 மட்டுமே. மெத்திலின் தள்ளலும் நீரின் தாங்கலும் சேர்ந்து டைமெத்தில் அமீனில்தான் அதிகப் பலன் தருகின்றன.

● இதே வரிசையை எத்தில் அமீன்களுக்கும் எழுதினால் தேர்வில் மதிப்பெண் போய்விடும். எத்தில் தொகுதி மெத்திலைவிடச் சற்றுக் கூடுதலாக எலக்ட்ரானைத் தள்ளும். அதனால் டைஎத்தில் அமீன் (3.00), டிரைஎத்தில் அமீன் (3.25), எத்தில் அமீன் (3.29) என்பதே இங்கே வரிசை.

● அனிலீன் அம்மோனியாவுக்கும் கீழே போவது ஏன்? அதன் தனித்த எலக்ட்ரான் இரட்டை உடனிசைவால் பென்சீன் வளையத்துக்குள் பரவிக் கிடக்கிறது. புரோட்டானைப் பிடித்தால் அந்தப் பரவலை இழக்க வேண்டும். இதற்குச் சான்று சைக்ளோஹெக்சில் அமீன். அதிலும் ஆறு கார்பன் வளையம்தான். ஆனால் இரட்டைப் பிணைப்புகள் இல்லை. அதன் pKb ஏறத்தாழ 3.4, மெத்தில் அமீனுக்கு நிகர்!

● அனிலீன் வலிமை குறைந்த காரமே தவிர, காரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீரில் சிறிதளவே கரையும் இந்த எண்ணெய் போன்ற திரவம், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உப்பாக மாறி முழுதும் கரைந்துவிடும். அந்தக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைத் தேவையான அளவு சேர்த்தால் புரோட்டான் நீங்கி, அனிலீன் துளிகள் மீண்டும் பிரிந்து வரும். கரிமக் கலவையிலிருந்து அமீனைத் தனியே பிரித்தெடுக்க ஆய்வகங்களில் கையாளும் வழியும் இதுதான்.